ஒரு அலகு கூடியதற்கு அறுநூறு ரூபா: மின்மானியை வாசிப்பதும் பில்லைக் கணக்கிடுவதும்

மின் கட்டணப் பட்டியலில் பெரும்பாலானோர் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: கட்டவேண்டிய மொத்தத் தொகை. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. வன்னியில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. இங்கே ஒரு தலைமுறை குப்பி விளக்கில் படித்து வளர்ந்தது. பலருடைய வீட்டுச் சுவரில் மீற்றர் முதன்முதலாக ஏறியதே மீள்குடியேற்றத்துக்குப் பிறகுதான். மீற்றரை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர வீட்டில் மூத்தவர்களுக்கும் அது பழக்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை. பில் வந்தது, கட்டினோம். கூட வந்தால் கொஞ்ச நேரம் புறுபுறுத்துவிட்டுக் கட்டினோம்.

கிளிநொச்சி மாவட்டத்தில், இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் குடும்பம் நடத்தும் ஓர் அம்மா 2025 செப்ரெம்பரில் என்னிடம் இரண்டு பில்களைத் தந்தார். ஓகஸ்ட் மாதத்தில் அவர் பாவித்தது 64 அலகு. செப்ரெம்பரில் 65 அலகு. கூடியது ஒரே ஒரு அலகு. ஆனால் ஓகஸ்ட் மாதக் கட்டணம் 610 ரூபா. செப்ரெம்பர் மாதக் கட்டணம் 1257 ரூபா 50 சதம்.

“ஒரு யூனிற் கூடினதுக்கு அறுநூறு ரூபாவா பிள்ளை? மீற்றரிலதான் ஏதோ பிழை” என்றார் அவர்.

மீற்றரில் பிழை இருக்கவில்லை. வாசித்தவரும் பிழைவிடவில்லை. பில்லும் சரியாகத்தான் கணக்கிடப்பட்டிருந்தது. ஆனாலும் அவருடைய கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடை காண நான்கு விடயங்கள் தெரிந்திருந்தால் போதும்: மீற்றரில் எந்த எண்ணை வாசிப்பது, இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் எத்தனை அலகு, எத்தனை நாள், அந்த அலகுகள் எந்த அட்டவணையில் விழுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மீற்றரில் எந்த எண்?

நமது வீடுகளில் இரண்டு வகை மீற்றர்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே அலுமினியத் தட்டு சுழலும் பழைய வகை. மற்றது, கல்குலேற்றர் போல எண் காட்டும் டிஜிற்றல் வகை.

தட்டுச் சுழலும் மீற்றரில் எண்கள் வரிசையாகச் சில்லுகளில் எழுதப்பட்டிருக்கும். இடமிருந்து வலமாக அப்படியே வாசிக்கவேண்டும். பெரும்பாலான மீற்றர்களில் கடைசி எண் மட்டும் சிவப்பு நிறத்திலோ சிவப்புக் கட்டத்துக்குள்ளோ இருக்கும். அது முழு அலகு அல்ல, அலகின் பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்து வாசிக்கக்கூடாது. கறுப்பு எண்கள் 04281 என்றும் சிவப்பு எண் 6 என்றும் இருந்தால், உங்கள் வாசிப்பு 4281. சிவப்பையும் சேர்த்து வாசித்தால் 42816 என்று ஆகிவிடும், எல்லாமே பத்து மடங்காகத் தெரியும். வீட்டில் பிள்ளைகளை அனுப்பி எண்ணை எழுதி வரச்சொல்லும்போது அடிக்கடி நடக்கும் பிழை இது.

இரண்டு எண்களுக்கு நடுவில் சில்லு நின்றால் எதை எழுதுவது என்றும் சிலர் கேட்பார்கள். இன்னும் முழுமையாக மேலே வராத எண்ணை எழுதவேண்டாம். கடந்துபோன எண்ணை, அதாவது சிறியதை எழுதுங்கள். அந்த அலகு இன்னும் முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

டிஜிற்றல் மீற்றரில் திரை சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். எல்லா இடத்திலும் 8 மட்டும் தெரிவது திரை வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனை. பிறகு சில மீற்றர்களில் திகதி வரும், நேரம் வரும். இவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. பக்கத்தில் `kWh` என்ற எழுத்துகள் தெரியும் எண்ணுக்காகக் காத்திருங்கள். அதுதான் நாம் அலகு என்று சொல்வது. புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை விட்டுவிடுங்கள்.

எந்த வகை மீற்றராக இருந்தாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இந்த மாதப் பாவனை அல்ல. மீற்றர் பூட்டிய நாளிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் ஓடிய மொத்த மின்சாரம். மாதம் முடிந்ததும் அது பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே ஒரு எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்லமுடியாது. இரண்டு நாட்களில் எடுத்த இரண்டு எண்கள் வேண்டும்.

இரண்டு வாசிப்பு, இரண்டு திகதி

பில்லில் முன்னைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றோடு இரண்டு திகதிகளும் இருக்கும். எண்களைப் பலர் கழித்துப் பார்ப்பார்கள். திகதிகளைக் கழித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்த அம்மாவின் பில்லில் இருந்த மர்மம் முழுவதும் திகதியில்தான் இருந்தது.

அவருடைய ஓகஸ்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். ஜூலை 3ஆம் திகதி வாசிப்பு 4217. ஓகஸ்ட் 4ஆம் திகதி வாசிப்பு 4281.

```
4281 - 4217 = 64 அலகு
ஜூலை 3 முதல் ஓகஸ்ட் 4 வரை = 32 நாள்
```

செப்ரெம்பர் பில்லில், ஓகஸ்ட் 4ஆம் திகதி 4281. செப்ரெம்பர் 3ஆம் திகதி 4346.

```
4346 - 4281 = 65 அலகு
ஓகஸ்ட் 4 முதல் செப்ரெம்பர் 3 வரை = 30 நாள்
```

முதல் பில்லின் தற்போதைய வாசிப்பும் இரண்டாவது பில்லின் முன்னைய வாசிப்பும் ஒன்றாகவே இருக்கின்றன: 4281. இப்படித்தான் இருக்கவேண்டும். உங்கள் பில்களில் இவை இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள். சில அலகுகள் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கலாம், அல்லது இடையில் மீற்றர் மாற்றப்பட்டிருக்கலாம்.

இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு அலகு கூடியிருக்கிறது. ஆனால் இரண்டு நாள் குறைந்திருக்கிறது.

இரண்டு அட்டவணைகள்

வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதிக்கிறது, 2025இல் இலங்கை மின்சார சபை அதை அறவிட்டது. அந்தக் கட்டணம் அலகுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் இல்லை. படிகளாக இருக்கிறது. இதைப் பலர் அறிவார்கள். பலர் அறியாதது, அங்கே ஒன்றல்ல, இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன என்பது.

2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, மாதம் 60 அலகு அல்லது அதற்குக் குறைவாகப் பாவிப்பவர்களுக்கு முதலாவது அட்டவணை:

1 முதல் 30 வரை: அலகுக்கு 4.50 ரூபா. நிலையான கட்டணம் 80 ரூபா.
31 முதல் 60 வரை: அலகுக்கு 8 ரூபா. நிலையான கட்டணம் 210 ரூபா.

60 அலகைத் தாண்டுபவர்களுக்கு இரண்டாவது அட்டவணை:

1 முதல் 60 வரை: அலகுக்கு 12.75 ரூபா.
61 முதல் 90 வரை: அலகுக்கு 18.50 ரூபா. நிலையான கட்டணம் 400 ரூபா.
91 முதல் 120 வரை: அலகுக்கு 24 ரூபா. நிலையான கட்டணம் 1000 ரூபா.
121 முதல் 180 வரை: அலகுக்கு 41 ரூபா. நிலையான கட்டணம் 1500 ரூபா.
180க்கு மேல்: அலகுக்கு 61 ரூபா. நிலையான கட்டணம் 2100 ரூபா.

நிலையான கட்டணங்களை ஒன்றோடொன்று கூட்டக்கூடாது. நீங்கள் எந்தப் படியில் முடிக்கிறீர்களோ, அந்தப் படிக்குரிய நிலையான கட்டணம் மட்டும் ஒருமுறை சேரும். அலகுக் கட்டணம் வேறு விதம். கீழ்ப்படி நிரம்பிய பிறகுதான் மேல்படியின் விலை தொடங்கும்.

இப்போது இரண்டாவது அட்டவணையின் முதல் வரியை மறுபடி பாருங்கள். 60 அலகைத் தாண்டாதவருக்கு முதல் 30 அலகின் விலை 4.50 ரூபா. தாண்டியவருக்கு அதே முதல் 30 அலகும் 12.75 ரூபா. அதாவது 61ஆவது அலகு வந்தவுடன் அந்த ஒரு அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. அதற்கு முன் ஓடிய 60 அலகுகளும் பின்னோக்கி விலை ஏறுகின்றன. குறைந்த விலைச் சலுகை முழுவதும் கைவிட்டுப் போகிறது.

30 நாள் மாதம் ஒன்றில் 60 அலகு பாவித்தால்:

```
30 x 4.50 = 135
30 x 8    = 240
நிலையான கட்டணம் = 210
மொத்தம் = 585 ரூபா
```

அதே மாதத்தில் 61 அலகு பாவித்தால்:

```
60 x 12.75 = 765
 1 x 18.50 = 18.50
நிலையான கட்டணம் = 400
மொத்தம் = 1183.50 ரூபா
```

அந்த ஒரு அலகின் உண்மையான விலை 598 ரூபா 50 சதம். பில்லில் இப்படி ஒரு வரி எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. அம்மாவின் சந்தேகம் பிறந்தது இந்த இடத்தில்தான்.

90ஐத் தாண்டும்போதும் ஒரு பாய்ச்சல் உண்டு. 90 அலகுக்கு 1720 ரூபா, 91 அலகுக்கு 2344 ரூபா. அங்கே பழைய அலகுகளின் விலை மாறுவதில்லை. நிலையான கட்டணம் 400இலிருந்து 1000ஆக ஏறுவதுதான் காரணம்.

நாள் எப்படிப் படியை நீட்டுகிறது?

அப்படியென்றால் ஓகஸ்டில் 64 அலகு பாவித்தும் அம்மாவுக்கு ஏன் 610 ரூபா மட்டும் வந்தது? 64 என்பது 60ஐத் தாண்டிய எண்தானே?

மேலே சொன்ன படிகள் எல்லாம் 30 நாளுக்கு உரியவை. மீற்றர் வாசிப்பவர் ஒவ்வொரு மாதமும் சரியாக 30ஆம் நாளில் வந்து நிற்கமாட்டார். சில மாதம் 28 நாளில் வருவார், சில மாதம் 33 நாளில் வருவார். அவர் பிந்தி வந்ததற்காக நீங்கள் தண்டம் கட்டக்கூடாது என்பதால், படிகளின் எல்லை நாட்களுக்கு ஏற்ப நீளும், சுருங்கும்.

மனதில் வைத்துக்கொள்ள இலகுவான வழி இது. 30 என்பது நாளுக்கு 1 அலகு. 60 என்பது நாளுக்கு 2 அலகு. 90 என்பது நாளுக்கு 3. 120 என்பது நாளுக்கு 4. 180 என்பது நாளுக்கு 6. பில்லில் எத்தனை நாள் இருக்கிறதோ, அந்த எண்ணால் பெருக்கினால் உங்கள் எல்லை தெரிந்துவிடும்.

ஓகஸ்ட் பில்லில் 32 நாள். ஆகவே முதல் எல்லை 32 அலகு, இரண்டாவது எல்லை 64 அலகு. அம்மா பாவித்தது சரியாக 64. விளிம்பில் நின்றாலும் எல்லைக்குள் இருந்தார்.

```
32 x 4.50 = 144
32 x 8    = 256
நிலையான கட்டணம் = 210
மொத்தம் = 610 ரூபா
```

செப்ரெம்பரில் 30 நாள். எல்லை 60. பாவித்தது 65.

```
60 x 12.75 = 765
 5 x 18.50 = 92.50
நிலையான கட்டணம் = 400
மொத்தம் = 1257.50 ரூபா
```

ஓகஸ்டில் அவருடைய வீடு நாளுக்கு 2 அலகு பாவித்தது. செப்ரெம்பரில் நாளுக்கு 2.17 அலகு. கூடியது நாளுக்கு அலகின் ஆறில் ஒரு பங்குதான். 60 வாட் மின்குமிழ் ஒன்று மூன்று மணித்தியாலம்கூட எரியத் தேவையில்லை, அதற்குள் அவ்வளவு போய்விடும். ஆனால் அது 2 என்ற கோட்டுக்கு மேலே போய்விட்டது.

இந்தத் தொகைகளுக்கு மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேரும். 610 ரூபாவுக்கு அது ஏறத்தாழ 16 ரூபா. 1257.50க்கு ஏறத்தாழ 32 ரூபா. அதனால் உங்கள் கணக்கைவிடப் பில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பதறவேண்டாம், முதலில் வரி வரியைப் பாருங்கள். பழைய நிலுவை இருந்தால் அதுவும் கட்டவேண்டிய மொத்தத்தில் சேர்ந்திருக்கும். சரிபார்க்கவேண்டியது இந்த மாதத்துக்கான கட்டணத்தை மட்டும்தான்.

கோட்டுக்குக் கீழே நிற்பது

இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. பில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மீற்றர் வாசித்த நாளிலிருந்து எந்த நாளிலும் நீங்களே எண்ணைப் பார்த்து எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கலாம்.

கடந்த பில்லின் தற்போதைய வாசிப்பு 4346 என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து 15ஆம் நாள் மீற்றரைப் பாருங்கள். 15 நாளுக்கு எல்லை 30 அலகு. ஆகவே மீற்றர் 4376ஐத் தாண்டியிருக்கக்கூடாது. 4380 என்று காட்டினால் நான்கு அலகு முன்னால் போய்விட்டீர்கள். மீதி 15 நாளில் அதைச் சமாளிக்க இடம் இருக்கிறது. 28ஆம் நாள் பார்த்தால் இடம் இருக்காது.

அந்த அம்மாவின் வீட்டில் விறாந்தையில் பழைய 60 வாட் குண்டு மின்குமிழ் ஒன்று, இரவில் ஐந்து மணித்தியாலம் எரியும். 60 வாட், 5 மணித்தியாலம், 30 நாள் என்றால் 9000 வாட் மணித்தியாலம், அதாவது 9 அலகு. அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்ஈடி மின்குமிழ் போட்டால் மாதம் ஒன்றரை அலகுக்கும் குறைவு. ஒரு மின்குமிழை மாற்றினால் 65 அலகு 57 ஆகும். 57 அலகுக்குக் கட்டணம் 561 ரூபா. ஒரு மின்குமிழால் மாதம் ஏறத்தாழ 700 ரூபா மிச்சம்.

இந்த மிச்சம் எல்லோருக்கும் கிடைக்காது. மாதம் 45 அலகு பாவிக்கும் வீட்டில் அதே மின்குமிழை மாற்றினால் அறுபது ரூபா வரைதான் குறையும். 65, 70 என்று கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்களுக்குத்தான் சின்ன மாற்றம் பெரிய தொகையைத் தருகிறது. ஆகவே முதலில் உங்கள் வீடு நாளுக்கு எத்தனை அலகு பாவிக்கிறது என்று கணக்கிடுங்கள். எதைக் குறைப்பது என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.

ஒரு மீற்றர், இரண்டு அடுப்பு

மீள்குடியேறிய கிராமங்களில் நான் அடிக்கடி காணும் நிலைமை இது. தாயின் வீட்டில் மீற்றர் இருக்கும். அதே காணியில் மகளின் குடும்பம் தனியாகக் கொட்டில் போட்டோ அரைகுறையாகக் கட்டிய வீட்டிலோ இருக்கும். தாயின் வீட்டிலிருந்து வயர் இழுத்து மகளின் வீட்டுக்கும் மின்சாரம் போகும். மாத முடிவில் பில்லைப் பங்கிடும்போது மனக்கசப்பு வரும்.

தாய் வீடு 40 அலகு, மகள் வீடு 50 அலகு பாவிப்பதாக எடுத்துக்கொள்வோம். மீற்றர் இரண்டு வீட்டையும் ஒரு வீடாகத்தான் எண்ணும். 90 அலகுக்குக் கட்டணம் 1720 ரூபா. தனித்தனி மீற்றர் இருந்திருந்தால் தாய்க்கு 425 ரூபா, மகளுக்கு 505 ரூபா, இரண்டும் சேர்த்து 930 ரூபா. சேர்ந்து பாவிப்பதால் மாதம் 790 ரூபா கூடப் போகிறது. இரண்டு குடும்பமும் சிக்கனமாகத்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் சிக்கனக்காரருக்கான அட்டவணை கிடைக்கவில்லை.

1720ஐ அலகு விகிதப்படி பிரித்தால் தாய் 764 ரூபா கட்டவேண்டும், மகள் 956 ரூபா. “நான் ரெண்டு லைற்றும் ஒரு பேனும்தானே போடுறன்” என்று தாய் சொல்வதில் உண்மை இருக்கிறது. மகள் சரியாகத்தான் பங்கு பிரித்தேன் என்று சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சண்டை அவர்களுக்கிடையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தனி இணைப்பு எடுப்பதற்குச் செலவு உண்டு. வயரிங் வேலை உண்டு. காணி, வதிவிடம் தொடர்பான ஆவணங்கள் கேட்கப்படும், காணி உத்தரவுப்பத்திரம் இன்னும் கைக்கு வராத குடும்பங்களுக்கு அதுவே பெரிய தடை. ஆனால் முடிவெடுக்கும் முன் இணைப்புச் செலவை மாதம் மிச்சமாகும் தொகையால் பிரித்துப் பாருங்கள். 790 ரூபா மிச்சமாகும் வீட்டில் ஒரு வருடத்தில் 9480 ரூபா. எத்தனை மாதத்தில் செலவு திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

பூட்டிய கேற்றும் மதிப்பீட்டு வாசிப்பும்

வீடு பூட்டியிருந்து மீற்றரை வாசிக்க முடியாமல் போனால், அந்த மாதப் பில் உத்தேசமாக மதிப்பிட்டு வரலாம். அடுத்த மாதம் உண்மையான வாசிப்பு எடுத்தவுடன் கணக்குச் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அலகுக் கணக்குச் சரியாகும். பணக் கணக்கு எப்போதும் சரியாகாது.

ஒரு வீடு மாதம் 59 அலகு வீதம் இரண்டு மாதம் பாவிக்கிறது. இரண்டு மாதமும் சரியாக வாசித்திருந்தால் தலா 577 ரூபா, மொத்தம் 1154 ரூபா. முதல் மாதம் 40 அலகு என்று குறைத்து மதிப்பிட்டால் அன்று 425 ரூபா மட்டும்தான் வரும், சந்தோசமாக இருக்கும். ஆனால் விடுபட்ட 19 அலகும் அடுத்த மாதத்தில் விழுந்து, அது 78 அலகாக நிற்கும். அந்த மாதக் கட்டணம் 1498 ரூபா. இரண்டும் சேர்த்து 1923 ரூபா. பாவனை ஒரு அலகும் மாறாமல் 769 ரூபா கூடப் போய்விட்டது.

ஆகவே குறைவாக வந்த பில்லையும் சரிபாருங்கள். பில்லில் உள்ள தற்போதைய வாசிப்பு, மீற்றரில் அன்று இருந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அது பின்னால் வரப்போகும் கடன். வாசிப்பு நாளில் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்றால், மீற்றரின் எண் தெளிவாகத் தெரியும்படி கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். படத்தோடு திகதியும் இருக்கும். அதைப் பில்லோடு கொண்டுபோய் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் காட்டினால், இரண்டு மாதத்து அலகையும் முழு நாட்களுக்கும் பரப்பிக் கணக்கிடும்படி கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். 60 நாளில் 118 அலகு என்றால் எல்லை 120. கோட்டுக்குள்தான் நிற்கிறீர்கள்.

மீற்றரிலேயே பிழை இருந்தால்?

கணக்கு எல்லாம் சரியாக வந்தும் பாவனை நம்பமுடியாத அளவு கூடியிருந்தால், அப்போதுதான் மீற்றரையும் வயரிங்கையும் சந்தேகிக்கவேண்டும். அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மீற்றரின் மூடியையோ முத்திரையையோ தொடவேண்டியதில்லை, தொடவும் கூடாது.

முதலில் வீட்டின் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். பழைய மீற்றரில் தட்டு நின்றுவிடவேண்டும். டிஜிற்றல் மீற்றரில் மினுங்கும் சிவப்புப் புள்ளி மினுங்காமல் இருக்கவேண்டும். அப்போதும் தட்டு தொடர்ந்து சுற்றினால் மீற்றரில் கோளாறு இருக்கலாம், அல்லது மீற்றருக்கும் சுவிச்சுக்கும் இடையில் யாரோ வயர் எடுத்திருக்கலாம். இரண்டும் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டியவை. அவர்களுடைய அவசர அழைப்பு இலக்கம் 1987.

தட்டு நின்றுவிட்டால், பிரதான சுவிச்சைத் திரும்பப் போட்டு, வீட்டிலுள்ள எல்லாப் பொருட்களின் பிளக்கையும் கழற்றி, எல்லா மின்குமிழ்களையும் அணையுங்கள். இப்போது தட்டு சுற்றினால் மின்சாரம் எங்கோ கசிகிறது. யுத்தத்தில் சேதமாகித் திருத்திய சுவர்களிலும், மழைநீர் இறங்கும் கூரைகளிலும் பழைய வயர்கள் இப்படிக் கசிவது உண்டு. அது பணப் பிரச்சினை மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அதுவும் சரி என்றால், மீற்றர் கூட ஓடுகிறதா என்று பார்க்க 100 வாட் குண்டு மின்குமிழ் ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். மீற்றரின் முகப்பில் `1600 imp/kWh` என்று இருந்தால் ஒரு அலகுக்கு 1600 தடவை மினுங்கும் என்று பொருள். 100 வாட்டுக்கு ஏறத்தாழ 22, 23 விநாடிக்கு ஒருமுறை மினுங்கவேண்டும். தட்டு மீற்றரில் `400 rev/kWh` என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 விநாடி எடுக்கவேண்டும். ஒரு சில விநாடி முன்பின் இருப்பது இயல்பு. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அப்படி வரும். பாதி நேரத்திலேயே சுற்றி முடித்தால் மீற்றரைப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பகுதி அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். முறைப்பாட்டில் “பில் கூடிவிட்டது” என்று மட்டும் எழுதாமல் இரண்டு வாசிப்பு, இரண்டு திகதி, நாள் எண்ணிக்கை, நீங்கள் கணக்கிட்ட தொகை ஆகியவற்றை எழுதுங்கள். எண்ணோடு போகும் முறைப்பாட்டுக்கு எண்ணோடுதான் பதில் சொல்லவேண்டிவரும்.

இங்கே தந்த விலைகள் நிரந்தரமானவை அல்ல. 2024 ஜூலையில் 61ஆவது அலகுக்குப் போனவர் முதல் 60 அலகுக்கும் 15 ரூபா வீதம் கட்டினார். 2025 ஜனவரியில் அது 11 ரூபாவாகக் குறைந்தது, ஜூனில் 12.75 ஆனது. இனியும் ஏறும், இறங்கும். ஆனால் இந்த மாற்றங்களில் எல்லாம் 30, 60, 90 என்ற எல்லைகளும், 60ஐத் தாண்டியவுடன் அட்டவணை மாறுவதும், நாட்களால் பெருக்கும் முறையும் அப்படியே இருந்தன. புதிய கட்டணம் அறிவிக்கப்படும்போது அலகு விலையையும் நிலையான கட்டணத்தையும் மட்டும் மாற்றிப் போட்டு, அதே கழித்தலையும் பெருக்கலையும் செய்துகொள்ளலாம். பில்லின் பின்பக்கத்தில் ஒரு பென்சிலோடு ஐந்து நிமிடம் போதும்.